வங்கி ஸ்டேட்மென்ட்டையும் கணக்கு ஏட்டையும் ஒப்பிடும் அட்டவணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏட்டில் ஒரு பட்டியல், வங்கியில் ஒரு பட்டியல். எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ, ஒன்றில் மட்டும் இருக்கிற வரிகளுக்கு நிறம் போட வேண்டும். எங்கே தொடங்குவது?

சூத்திரத்தில் தொடங்க வேண்டாம். முதலில் இரண்டு பட்டியலும் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டேட்மென்ட்டின் தொடக்க இருப்போடு தொகைப் பத்தியின் கூட்டலைச் சேர்த்தால், வங்கி அச்சிட்ட இறுதி இருப்பு பைசா பிசகாமல் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது பக்கம் மாறுகிற இடத்தில் இது அடிக்கடி நடக்கும். ஏட்டையும் இதேபோல் கூட்டிப் பாருங்கள். இந்த இரண்டு கூட்டலும் சரியாகாமல் ஒப்பிட உட்கார்ந்தால், இல்லாத குற்றவாளியைத் தேடி ஒரு மாலை போய்விடும்.

அடுத்தது, கூட்டல் கழித்தல் குறி. நம் ஏட்டில் வங்கிக்குள் வந்த பணம் பற்று. ஸ்டேட்மென்ட்டில் அதே பணம் வரவு. வங்கி தன் பக்கத்திலிருந்து கணக்கு எழுதுவதால் வார்த்தைகள் தலைகீழாகின்றன. ஆகவே பற்று, வரவு என்ற பெயர்களை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே பத்தியில், உள்ளே வந்தால் கூட்டல், வெளியே போனால் கழித்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தைத்தான் பயன்படுத்தப் போகிறேன். தொடக்க இருப்பு இரண்டு பக்கமும் 20,000. ஏடு இது:

| தேதி | விவரம் | தொகை |
|---|---|---|
| 2 | செலுத்தியது | 5,000 |
| 3 | செக் 101 | −1,500 |
| 5 | செக் 102 | −1,500 |
| 9 | செலுத்தியது | 7,200 |
| 14 | செக் 103 | −1,500 |
| 18 | பில் | −2,450 |
| 22 | செலுத்தியது | 3,000 |
| 30 | செலுத்தியது | 4,100 |

ஏட்டின் இறுதி இருப்பு 32,350. வங்கி அனுப்பியது இது:

| தேதி | விவரம் | தொகை |
|---|---|---|
| 2 | வரவு | 5,000 |
| 6 | செக் 101 | −1,500 |
| 8 | செக் 102 | −1,500 |
| 10 | வரவு | 7,200 |
| 19 | பில் | −2,540 |
| 22 | வரவு | 3,000 |
| 30 | கட்டணம் | −120 |
| 30 | வட்டி | 85 |

வங்கியின் இறுதி இருப்பு 29,625. ஆக, 2,725 வித்தியாசம். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

COUNTIF போட்டேன், நிறமும் வந்தது. ஆனால் வித்தியாசத்தில் 1,500 இடிக்கிறது. ஏன்?

நீங்கள் போட்டது பெரும்பாலும் இதுவாக இருக்கும்:

```
=COUNTIF(Bank!C$2:C$500,C2)=0
```

இந்தச் சூத்திரம், "இந்தத் தொகை அந்தப் பக்கம் எங்காவது இருக்கிறதா?" என்று மட்டுமே கேட்கிறது. நம் ஏட்டில் −1,500 மூன்று முறை இருக்கிறது, வங்கியில் இரண்டு முறைதான். ஆனாலும் மூன்று வரியும் கேட்கிற கேள்விக்கு "இருக்கிறது" என்றே பதில் வரும். செக் 103 இன்னும் வங்கிக்கே போகவில்லை என்றாலும், மற்ற இரண்டு செக்குகளின் நிழலில் அது ஒளிந்துகொள்கிறது.

மாதா மாதம் ஒரே தொகையாகப் போகிற தவணை, சந்தா, சம்பளம் இவற்றிலெல்லாம் இதே கதைதான். தொகைகள் எல்லாம் வெவ்வேறாக இருக்கிற பட்டியலில் இந்தச் சூத்திரம் சரியாகவே வேலை செய்யும். அதனால்தான் இந்தக் கோளாறு வெகுநாள் வெளியே தெரியாது. நானே இரண்டு வருடம் இந்தச் சூத்திரத்தை நம்பியிருந்தேன்.

அப்படியானால் எந்தச் சூத்திரம்?

ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர வேண்டும். அதற்கு ஒவ்வொரு தொகைக்கும் "இது எத்தனையாவது முறை வருகிறது" என்ற எண்ணை ஒட்டிவிட வேண்டும். முதல் −1,500 முதல் −1,500-ஓடு சேரும், இரண்டாவது இரண்டாவதோடு. மூன்றாவதற்கு அந்தப் பக்கம் துணை இல்லை, அது தனியே நிற்கும்.

Book, Bank என்று இரண்டு தாள்கள். இரண்டிலும் A தேதி, B விவரம், C தொகை. பிறகு மூன்று உதவிப் பத்திகள். Book தாளில்:

```
D2: =ROUND(C2,2)
E2: =TEXT(D2,"0.00")&"|"&COUNTIF(D$2:D2,D2)
F2: =IF(ISNA(MATCH(E2,Bank!E$2:E$500,0)),"தனி","")
```

Bank தாளிலும் இதே மூன்றுதான். F2-இல் மட்டும் `Bank!` என்பதை `Book!` என்று மாற்றிக்கொள்ளுங்கள். நிரம்பியிருக்கிற கடைசி வரி வரைக்கும் இழுத்து விடுங்கள். அதற்குக் கீழே காலி வரிகளுக்கு இழுத்தால் அவற்றுக்கும் E பத்தியில் 0.00 என்று ஒரு சாவி, அதாவது ஜோடி தேடுகிற அடையாளம், உருவாகி வீண் குழப்பம்.

சூட்சுமம் `D$2:D2` என்பதில் இருக்கிறது. தொடக்கம் ஆணி அடித்த மாதிரி நிற்கும், முடிவு வரியோடு கூடவே இறங்கும். அதனால் ஒவ்வொரு வரியும் தன்னையும் தனக்கு மேலே உள்ளவற்றையும் மட்டும் எண்ணும். செக் 101-இன் சாவி `-1500.00|1`, செக் 102-க்கு `-1500.00|2`, செக் 103-க்கு `-1500.00|3`. வங்கித் தாளில் மூன்றாவது சாவி இல்லை. பிடிபட்டது.

D பத்தியில் ROUND வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டும். வரி சேர்த்தோ சதவீதம் போட்டோ கணக்கிட்டு வந்த தொகை திரையில் 118.00 என்று தெரிந்தாலும், உள்ளே அதற்குப் பின்னால் நுண்ணிய வால் ஒட்டியிருக்கலாம். அதை இங்கேயே வெட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று. உங்கள் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து, சூத்திரத்துக்குள் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கலாம்.

வரி முழுக்க நிறம் வரவேண்டும். ஒரு கட்டத்துக்கு மட்டும் வருகிறது.

A2 முதல் F500 வரை தேர்ந்தெடுத்து, Conditional Formatting-இல் சூத்திர விதி ஒன்றைச் சேர்த்து, இதை எழுதுங்கள்:

```
=$F2="தனி"
```

F-க்கு முன்னால் `$` இருக்க வேண்டும், 2-க்கு முன்னால் இருக்கக் கூடாது. முதல் `$` இல்லாவிட்டால் B கட்டம் G-ஐப் பார்க்கும், C கட்டம் H-ஐப் பார்க்கும். அதனால்தான் ஒரு கட்டத்தோடு நிறம் நின்றுபோகிறது. தவறிப்போய் 2-க்கு முன்னாலும் `$` போட்டுவிட்டால், முதல் வரியின் கதியே எல்லா வரிக்கும்.

நிற விதிக்குள்ளேயே MATCH எழுதலாம்தான். நான் எழுதுவதில்லை. கூகுள் ஷீட்ஸில் நிற விதி இன்னொரு தாளை நேராகப் பார்க்காது, INDIRECT-ஐ இடையில் நுழைக்க வேண்டியிருக்கும். எக்செலிலும் விதிக்குள் இருப்பது கண்ணில் படாது, தப்பு நடந்தால் தேட முடியாது. F பத்தியில் "தனி" என்று எழுத்தாகவே இருந்தால் வடிகட்டலாம், கூட்டலாம். அந்தக் கூட்டல் அடுத்த கேள்வியில் தேவைப்படும்.

எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

நிறத்தை வைத்து அல்ல. ஒரு கூட்டலை வைத்து.

ஏட்டில் தனியாக நிற்கிற தொகைகளின் கூட்டலிலிருந்து வங்கியில் தனியாக நிற்கிற தொகைகளின் கூட்டலைக் கழியுங்கள். வருவது, ஏட்டின் இறுதி இருப்புக்கும் வங்கியின் இறுதி இருப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். காரணம் எளிது. தொடக்க இருப்பு இரண்டிலும் ஒன்றே, ஜோடி சேர்ந்த வரிகள் இரண்டு பக்கமும் சமம். மிச்சம் இருப்பது தனி வரிகள் மட்டுமே, எனவே வித்தியாசம் முழுவதும் அவற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

```
=SUMIF(Book!F2:F500,"தனி",Book!D2:D500)
 -SUMIF(Bank!F2:F500,"தனி",Bank!D2:D500)
```

நம் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். ஏட்டில் தனியாக நிற்பவை செக் 103-இன் −1,500, பில் −2,450, கடைசி நாள் செலுத்திய 4,100. கூட்டினால் 150. வங்கியில் தனியாக நிற்பவை −2,540, −120, 85. கூட்டினால் −2,575. 150-இலிருந்து −2,575-ஐக் கழித்தால் 2,725. இறுதி இருப்புகளின் வித்தியாசமும் அதுவே.

பழைய COUNTIF முறையில் செக் 103 தப்பித்துவிடும் அல்லவா? அப்போது ஏட்டின் தனிக் கூட்டல் 1,650 ஆகும், விடை 4,225 வரும். 2,725-க்கும் 4,225-க்கும் இடையில் சரியாக 1,500. விடுபட்ட செக்கின் தொகையையே இந்தச் சரிபார்ப்பு கையில் கொடுத்துவிடுகிறது. தாளின் உச்சியில் இந்த ஒரு கட்டத்தை வைத்திருந்தால், நிறம் பொய் சொல்கிற நாளில் இது காட்டிக்கொடுக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே தொகை கொண்ட, ஆனால் சம்பந்தமே இல்லாத இரண்டு வரிகள் ஜோடி சேர்ந்தாலும் கூட்டல் சரியாகவே வரும். தொகையில் பிழை இல்லை என்று மட்டும்தான் அது சொல்லும்.

தனியாக நின்ற வரிகளை என்ன செய்வது?

ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி: இது நாம் எழுத வேண்டியதா, அல்லது நாள் போனால் தானே சரியாகிவிடுமா?

கட்டணம் 120, வட்டி 85 இரண்டும் வங்கி எழுதி, நமக்குத் தெரியாமல் இருந்தவை. ஏட்டில் எழுத வேண்டும். 30-ஆம் தேதி செலுத்திய 4,100 வங்கியில் இன்னும் வரவாகவில்லை. செக் 103-ஐ வாங்கியவர் இன்னும் பணமாக்கவில்லை. இவை காத்திருக்க வேண்டியவை, ஏட்டில் கை வைக்கக் கூடாது.

மிச்சம், ஏட்டில் 2,450, வங்கியில் 2,540. இரண்டும் தனியாக நிற்கின்றன, தேதியும் பக்கத்தில் இருக்கிறது. வித்தியாசம் 90, அது 9-ஆல் வகுபடும். எண்ணில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகவே இருக்கும் என்பது கணக்கர்களுக்குப் பழைய பாடம். பில்லை எடுத்துப் பார்த்தால் 2,540 என்று இருக்கிறது. ஏட்டில்தான் பிழை. (பில்லைப் பார்க்காமல் வங்கி சொன்னபடி திருத்திவிடாதீர்கள். அபூர்வமாக வங்கியும் தவறும்.)

இப்போது ஏட்டின் 32,350-இலிருந்து 90-ஐயும் 120-ஐயும் கழித்து 85-ஐக் கூட்டினால் 32,225. வங்கியின் 29,625-உடன் 4,100-ஐக் கூட்டி 1,500-ஐக் கழித்தால், அதுவும் 32,225. பாடப்புத்தகம் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று சொல்வது இதைத்தான்.

தேதியையும் சாவியில் சேர்த்தால் இன்னும் துல்லியமாக இருக்காதா?

மோசமாகும். செக் 101-ஐ ஏட்டில் 3-ஆம் தேதி எழுதினோம், வங்கியில் 6-ஆம் தேதிதான் பணமானது. தேதியைச் சேர்த்தால் நம் உதாரணத்தில் 2-ஆம் தேதியும் 22-ஆம் தேதியும் தவிர மற்ற எல்லா வரிக்கும் நிறம் வந்துவிடும். தேதி, கண்ணால் பார்த்து உறுதி செய்வதற்கு. பொருத்துவதற்கு அல்ல.

ஒரே தொகைக்கு மூன்று செக். எது பாக்கி என்று நிறம் சரியாகச் சொல்லுமா?

எத்தனை பாக்கி என்று சரியாகச் சொல்லும். எது என்பதில் ஏமாற்றலாம். செக் 102 வாங்கியவர் அலமாரியில் வைத்துவிட்டார், 103 பணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்றாவது சாவிக்குத்தான் துணை இருக்காது, நிறம் 103 மேல்தான் விழும். பட்டியலை வேறு வரிசையில் அடுக்கினால் நிறமும் இடம் மாறும்.

இரண்டு பக்கமும் செக் எண் தனிப் பத்தியில் இருந்தால் அதையும் சாவியில் சேர்த்துவிடுங்கள். G பத்தியில் செக் எண் இருந்தால்:

```
=G2&"|"&TEXT(D2,"0.00")&"|"&COUNTIFS(G$2:G2,G2&"",D$2:D2,D2)
```

ஒரு பக்கம் எண் இருந்து மறுபக்கம் காலியாக இருந்தால் இது பொருந்தாது. அப்படிப்பட்ட பட்டியலுக்குப் பழைய சாவியே மேல், நிறம் விழுந்த தொகையை மட்டும் கையால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பரிவர்த்தனை எண் 15 இலக்கங்களைத் தாண்டினால் இன்னொரு பொறி இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும், அதற்குப் பிறகு பூஜ்ஜியமாக்கிவிடும். எழுத்தாகச் சேமித்தாலும் COUNTIF அதை எண்ணாக மாற்றிப் பார்த்து, கடைசி இலக்கம் மட்டும் மாறுபடும் இரண்டு எண்களை ஒன்றென்று சொல்லும். கோப்பைத் திறக்கும்போதே அந்தப் பத்தியை Text ஆக இறக்குங்கள். அதோடு முன்னால் ஓர் எழுத்தையும் ஒட்டிவிடுங்கள், `="R"&G2` என்பது போல. அந்தப் பத்தியையே சூத்திரத்தில் பயன்படுத்துங்கள்.

பார்த்தால் அதே தொகைதான். ஆனாலும் ஒப்பிட முடியாமல் பிழை காட்டுகிறது.

வங்கிப் பக்கத்துத் தொகை எண்ணாக இல்லை, எழுத்தாக இருக்கிறது. `=ISNUMBER(C2)` போட்டுப் பாருங்கள், FALSE வரும். இணையப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ வருகிற தொகையில் கண்ணுக்குத் தெரியாத, பிரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். TRIM அதைத் தொடாது. இப்படி உரித்து எடுக்கலாம்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(C2,CHAR(160),""),",",""))
```

சில ஸ்டேட்மென்ட்களில் தொகைக்குப் பின்னால் Dr, Cr என்று இருக்கும். அப்போது அந்த எழுத்தை வைத்துக் குறியை முடிவு செய்துவிட்டு, எழுத்தையும் இதேபோல் நீக்க வேண்டும்.

பற்றும் வரவும் இரண்டு பத்திகளாக வந்தால், வரவிலிருந்து பற்றை நேரடியாகக் கழியுங்கள். N() என்ற சார்பைச் சிலர் காலிக் கட்டத்துக்காகச் சேர்ப்பார்கள். எழுத்தாக இருக்கிற தொகையை அது சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். திரையில் #VALUE! என்று கத்துகிற பிழை, இந்த மௌனத்தைவிட எவ்வளவோ மேல்.

நாங்கள் மூன்று ரசீது எழுதினோம், வங்கி ஒரே தொகையாக வரவு வைத்திருக்கிறது. இதை எப்படிப் பொருத்துவது?

சூத்திரத்தால் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரிகளைக் கூட்டினால் இந்தத் தொகை வரும் என்று தேடவைக்கலாம். வரிகள் பெருகப் பெருகத் தற்செயலாகக் கூடிவருகிற சேர்க்கைகளும் பெருகும், எது உண்மை என்று தெரியாது. செலுத்துச் சீட்டைப் பார்த்து, அந்த மூன்று வரிக்கும் வங்கியின் ஒரு வரிக்கும் H பத்தியில் ஒரே குறியை, உதாரணமாக g1 என்று, கையால் எழுதுங்கள். F பத்தியின் சூத்திரத்தை, H-இல் ஏதாவது இருந்தால் "தனி" சொல்லாதபடி மாற்றிவிடலாம்:

```
=IF(H2<>"","",IF(ISNA(MATCH(E2,Bank!E$2:E$500,0)),"தனி",""))
```

கையால் குறி போட்டதில் கூட்டல் தவறியிருந்தால் மேலே சொன்ன சரிபார்ப்புக் கட்டம் உடனே கலையும். இடையில் வங்கி கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியை வரவு வைத்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். அந்தக் கட்டணத்தை ஏட்டில் தனி வரியாக எழுதி, அதற்கும் அதே குறியைப் போடுங்கள்.

ஒரு சங்கடம். குறி போட்ட வரியும் E பத்தியில் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கும். அதே தொகை வேறு இடத்திலும் இருந்தால், தவறான ஜோடி உருவாகலாம். அப்போதும் சரிபார்ப்புக் கட்டம்தான் சொல்லும். குறி போட்ட வரிகளின் E கட்டத்தை அழித்துவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். அதே தொகை கொண்ட மற்ற வரிகளின் வரிசை எண்ணை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்செலிலேயே Duplicate Values என்று இருக்கிறதே, அதில் Unique என்று தேர்ந்தெடுத்தால் போதாதா?

போதாது. அதற்கு இரண்டு பட்டியல் என்பதே தெரியாது, எல்லாக் கட்டங்களையும் ஒரே மூட்டையாகப் பார்க்கும். ஏட்டில் மட்டும் ஒரே தொகை இரண்டு முறை வந்து, வங்கியில் ஒருமுறைகூட வராவிட்டாலும் "இரட்டை" என்று விட்டுவிடும். கண்டுபிடிக்க வேண்டியதே அந்த வரிகளைத்தான்.

அடுத்த மாதம் புதிதாகத் தொடங்கினால் செக் 103 வங்கிப் பக்கத்தில் தனியாக நிற்குமே?

நிற்கும். அதனால் காத்திருக்கிற வரிகளை அடுத்த மாத ஏட்டுப் பட்டியலின் தலையில் ஒட்டிவிட வேண்டும். நமக்கு இரண்டு: 4,100, செக் 103-இன் −1,500. கூட்டினால் 2,600. திருத்திய ஏட்டு இருப்பு 32,225-க்கும் வங்கி இருப்பு 29,625-க்கும் உள்ள வித்தியாசமும் அதுவே. ஆகவே ஒப்பிடும் தாளில் இரண்டு பக்கத்துக்கும் தொடக்க இருப்பை 29,625 என்றே எழுதிக்கொள்ளலாம், சரிபார்ப்புக் கட்டம் முன்போலவே வேலை செய்யும்.

ஒட்டும்போது பழைய தேதியை மாற்றாமல் வையுங்கள். மூன்று மாதமாகத் தலையிலேயே உட்கார்ந்திருக்கிற செக் எது என்று அப்போதுதான் தெரியும். அதை வாங்கியவரை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கலாம்.